நம்பர் பிளேட்டை மங்கலாக்கினால் போதுமா?

தெருப் படத்தில் வண்டி எண்ணை லேசாக மங்கலாக்குவது அரைகுறைப் பாதுகாப்புதான். இந்திய வண்டி எண்ணில் எழுத்து எங்கே, இலக்கம் எங்கே என்பது தெரிந்த விஷயம். 0 முதல் 9 வரை ஒவ்வொன்றையும் அதே அளவு மங்கலாக்கி ஒப்பிட்டால் எண் சிக்கிவிடலாம்.

பிளேட்டை முழுதாக அழிப்பதே மேல். பிறகு அந்த இடத்தை நிரப்ப வேண்டுமே! வெள்ளைக் காரின் பின்பக்கப் பள்ளத்தில் மேலே நிழல், கீழே வெளிச்சம். பக்கத்துத் துண்டு ஒன்றை அப்படியே ஒட்டினால் திட்டாகத் தெரியும். இரு ஓரங்களிலும் அதே உயரத்தில் உள்ள நிறத்தை வரிவரியாக நடுவுக்கு இழுத்து வர வேண்டும். படத்தின் மற்ற இடங்களில் உள்ள பொடிப் புள்ளிகளையும் சற்றுத் தூவ வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் மெழுகுபோல் வழுவழுக்கும்.

ஈரத் தரையில் எண் தலைகீழாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள், அதையும் அழித்துவிடுங்கள்.