மணி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

கானாவின் தென்கிழக்கிலும் டோகோவின் தெற்கிலும் வாழும் ஏவே மக்களின் ஆட்டங்களில் ஒன்று அக்பாட்சா. அதில் ஒவ்வொருவரும் வாசிப்பது சின்ன விஷயம்தான். சேர்ந்து வாசிக்கும்போதுதான் புதியவருக்குத் தலை சுற்றும்.

அடிப்படை, காங்கோகுயி என்ற இரட்டை இரும்பு மணி. 12 மாத்திரைச் சுற்றில் அது ஏழு முறை ஒலிக்கும்: 1, 3, 5, 6, 8, 10, 12. இதைக் கையால் மேசையில் தட்டுங்கள். கால் ‘தகிட’ என்று நான்கு முறை நடக்கட்டும். ஆடுபவரின் பாதம் விழுவதும் அப்படித்தான்: 1, 4, 7, 10. கையும் காலும் சேர்வது 1, 10 என்ற இரண்டே இடங்களில். இனி காலை ‘தக’ என்று ஆறு முறை போட்டுப் பாருங்கள். 1, 3, 5இல் மணி காலோடு ஒட்டி நடக்கும். 6இலிருந்து கால் விழாத இடமாகப் பார்த்து விழும். மணி மாறவேயில்லை, கேட்கும் காதுதான் மாறியது. குறுக்குத்தாளம் என்பது இதுதான்.

ககானு என்ற சிறிய முரசு, ‘தகிட’வின் முதல் எழுத்தை விட்டுவிட்டு ‘கிட’வை மட்டும் அடிக்கும். பழகாதவர் அந்தக் ‘கி’யையே முதல் அடி என்று எடுத்துக்கொள்வார். உங்கள் காலும் ககானுவும் ஒன்றாக விழுந்தால் நீங்கள் வழுக்கிவிட்டீர்கள். மணியில் 1ஐத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் மேலே சோகோ, கிடி என்ற இரு முரசுகளின் பேச்சு. தலைமை சோகோவுக்கு. அது ஒரு சொற்கட்டை எடுத்துவிட, கிடி தனக்கென உள்ள பதிலைச் சொல்லும். பதில் இல்லாத இடங்களில் கிடியின் குச்சி சும்மா இருக்காது. தோலை அழுத்தி மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். அழுத்தியது பின்னணி, துள்ளவிட்டது பேச்சு.

அடிமைக் கப்பல்களில் கடத்தப்பட்ட மேற்கு, மத்திய ஆப்பிரிக்கர்களோடு இவ்வகைத் தாளங்கள் கியூபாவுக்குப் போயின. அந்த ஏழு அடிகளில் 5ஐயும் 12ஐயும் நீக்குங்கள். மிஞ்சும் ஐந்தை 16 மாத்திரைக்கு நீட்டினால் 1, 4, 8, 11, 13 வரும். அது கியூபாவின் ரும்பா கிளாவே. மூன்றாவது அடியை 7க்கு நகர்த்தினால் சோன் கிளாவே.

1955இல் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் போ டிட்லி தன் பெயரிலேயே வெளியிட்ட பாட்டில் கிட்டார் சுழல்வது ஏறக்குறைய இதே சோன் கிளாவேயில்தான். 1957இன் ‘ஹே போ டிட்லி’யில் அவர் ஒரு வரி பாட, குழு பதில் சொல்லும், சோகோவும் கிடியும் போல. ஆனால் 16 மாத்திரையில் ‘தகிட’வா ‘தக’வா என்ற குழப்பம் போய்விட்டது. கால் எங்கே விழ வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ராக் ரசிகர்களுக்கு அது வசதி. எனக்குக் கொஞ்சம் நஷ்டமாகத்தான் படுகிறது.