‘நாளன்னைக்கு ஃபர்ஸ்ட் லெசன் டெஸ்ட்’ என்றால் போதுமா?

பிளஸ் டூ வகுப்பில் பாடவேளை முடிகிற நேரத்தில் ஆசிரியர் சொல்லிவிட்டுப் போவார்: “நாளன்னைக்கு ஃபர்ஸ்ட் லெசன் டெஸ்ட்.” அவர் வாசலைத் தாண்டுவதற்குள் பின்பெஞ்சில் கேள்விகள் எழுந்துவிடும். கணக்கு வருமா? புக் பேக் மட்டுமா, உள்ளே இருக்கிறதுமா? எத்தனை மார்க்? டெரிவேஷன் எத்தனை? யாருக்கும் விடை தெரியாது. ஒருவன் அண்ணனிடம் கேட்டு வருவான், இன்னொருவன் டியூஷனில் கேட்டு வருவான். இரண்டும் ஒத்துப்போகாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு பக்கக் குறிப்பு போதும். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம், அல்லது வகுப்பில் எழுதிக்கொள்ளச் சொல்லலாம். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைத் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில், முதல் அலகான நிலைமின்னியலை வைத்துப் பார்க்கலாம்.

பொதுத்தேர்வில் பாதி

பிளஸ் டூ இயற்பியல் பொதுத்தேர்வு எழுத்துத் தாள் 70 மதிப்பெண். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 சேர்த்தால் 100. எழுத்துத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15, எல்லாவற்றுக்கும் விடை எழுத வேண்டும். இரண்டு மதிப்பெண் வினாக்கள் ஒன்பதில் ஆறு, மூன்று மதிப்பெண் வினாக்கள் ஒன்பதில் ஆறு. ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து, ஒவ்வொன்றும் ‘அல்லது’ வைத்து இரண்டு தேர்வுகளோடு வரும். எழுத மூன்று மணி நேரம்.

அலகுத் தேர்வுக்கு மூன்று மணி நேரம் கிடைக்காது. அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளை வாங்கினால் 90 நிமிடம் கிடைக்கும். பொதுத்தேர்வின் நேரத்தில் அது சரிபாதி என்பதால் மதிப்பெண்ணையும் பாதியாக்கி 35 என்று வைத்துக்கொண்டால், மாணவர் பொதுத்தேர்வில் எழுத வேண்டிய அதே வேகத்தில் எழுதிப் பழகுவார். ஒரு மதிப்பெண் 7, இரண்டு மதிப்பெண் ஐந்தில் மூன்று, மூன்று மதிப்பெண் ஆறில் நான்கு, ஐந்து மதிப்பெண் ‘அல்லது’ வகையில் இரண்டு. ஏழு, ஆறு, பன்னிரண்டு, பத்து என்று கூட்டினால் 35 வந்துவிடும்.

ஆசிரியர் ஒருவர் இதைக் குறிப்பாக எழுதினால் இப்படி இருக்கும்:

“அன்பு மாணவர்களே, வரும் புதன்கிழமை 5, 6-ஆம் பாடவேளைகளில் நிலைமின்னியல் அலகுத் தேர்வு. மொத்தம் 35 மதிப்பெண், 90 நிமிடம். கூலூம் விதி முதல் காஸ் விதியின் பயன்பாடுகள் வரை மட்டும் வரும். மின்தேக்கி இந்தத் தேர்வில் இல்லை, அடுத்த தேர்வில் வரும். புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டுக் கணக்குகளும் பயிற்சிக் கணக்குகளும் உண்டு, எண்கள் மாறியிருக்கும். இரண்டு மதிப்பெண் பகுதியில் வினா 12-ம், மூன்று மதிப்பெண் பகுதியில் வினா 18-ம் கட்டாய வினாக்கள். இரண்டும் கணக்குகள். மதிய இடைவேளை முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள்.”

இந்தக் குறிப்பில் ‘மின்தேக்கி இல்லை’ என்ற வாக்கியம் மிகவும் பயனுள்ளது. எது வரும் என்று சொல்லும் குறிப்புகள்கூட எது வராது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவது உண்டு. நிலைமின்னியல் நீளமான அலகு. எல்லை தெரியாத மாணவர் அலகின் கடைசியில் இருக்கும் வான் டி கிராஃப் இயற்றியை இரவெல்லாம் படித்துவிட்டு, முதலில் இருக்கும் மின் இருமுனையைக் கோட்டைவிட்டுவிட்டு வருவார்.

90 நிமிடத்தில் எது எவ்வளவு

பொதுத்தேர்வில் காலை 10 மணி முதல் 10.10 வரை வினாத்தாளைப் படிக்கும் நேரம். 10.10 முதல் 10.15 வரை விவரங்களை நிரப்பும் நேரம். எழுதுவது 10.15-க்குத்தான் தொடங்கும், 1.15-க்கு முடியும். அதாவது அந்த 15 நிமிடமும் மூன்று மணி நேரத்துக்கு வெளியே இருக்கிறது.

பள்ளியில் நடக்கும் அலகுத் தேர்வில் இந்த வசதி கிடையாது. மணி அடித்த பிறகு விடைத்தாள் கொடுத்து, வினாத்தாள் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐந்து நிமிடம் ஓடிவிடும். படித்துப் பார்க்க இன்னொரு ஐந்து நிமிடம். 90 நிமிடத் தாள் 80 நிமிடத் தாளாகிவிடுகிறது. குறிப்பில் ‘பத்து நிமிடம் முன்பே உட்காருங்கள்’ என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். மணி அடிக்கும்போது வினாத்தாள் கைக்கு வந்து, படித்தும் முடிந்திருக்க வேண்டும். இடைவேளைக்குப் பின் வராத பாடவேளைகளில் தேர்வு நடந்தால் ஆசிரியர் ஒரு மூன்று மதிப்பெண் வினாவைக் குறைத்து 32 மதிப்பெண்ணுக்குத் தாள் தயாரிப்பது நியாயம்.

முழு 90 நிமிடம் கிடைத்தால் கணக்கு இப்படிப் போகும். ஏழு ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 10 நிமிடம். இரண்டு மதிப்பெண் வினா ஒன்றுக்கு 5 நிமிடம், மூன்றுக்கு 15. மூன்று மதிப்பெண் வினா ஒன்றுக்கு 8, நான்குக்கு 32. ஐந்து மதிப்பெண் வினா ஒன்றுக்கு 13, இரண்டுக்கு 26. கூட்டினால் 83. மீதி ஏழு நிமிடத்தில் வினா எண்களைச் சரிபார்க்கலாம், அலகு விட்டுப்போயிருந்தால் சேர்க்கலாம்.

நேரம் தவறுவது பெரும்பாலும் ஐந்து மதிப்பெண் வினாவில். நன்றாகப் படித்துவந்த டெரிவேஷனைக் கண்டதும் முதலில் அதை எடுத்து, 20 நிமிடம் செலவழித்து இரண்டு பக்கம் எழுதும் பிள்ளைகள் உண்டு. எவ்வளவு எழுதினாலும் அதற்கு ஐந்துக்கு மேல் கிடையாது. அங்கே கூடுதலாகப் போன ஏழு நிமிடத்தில் ஒரு மூன்று மதிப்பெண் வினாவை ஏறக்குறைய முடித்திருக்கலாம்.

மதிப்பெண் எங்கே விழுகிறது

குறிப்பின் கடைசிப் பகுதி மதிப்பீட்டு முறை. ‘ஸ்டெப்புக்கு மார்க் உண்டு’ என்று பொதுவாகச் சொல்வதைவிட ஒரு கணக்கைப் போட்டே காட்டிவிடலாம்.

2 மைக்ரோ கூலூம், 3 மைக்ரோ கூலூம் மின்துகள்கள் இரண்டு, காற்றில் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ளன. அவற்றுக்கு இடையேயான விசை என்ன? இது மூன்று மதிப்பெண் வினா. F = kq₁q₂/r² என்று சூத்திரம் எழுதினால் 1. மதிப்புகளைச் சரியாகப் பிரதியிட்டால் 1:

F = (9 × 10⁹ × 2 × 10⁻⁶ × 3 × 10⁻⁶) / (0.3)²

விடை 0.6 நியூட்டன் என்று அலகோடு எழுதினால் 1.

இப்போது மூன்று விடைத்தாள்கள். முதல் மாணவி எல்லாம் சரியாக எழுதி, விடையில் ‘0.6’ என்று மட்டும் போட்டிருக்கிறார். அலகு இல்லை, அரை மதிப்பெண் குறையும், இரண்டரை. இரண்டாவது மாணவர் சென்டிமீட்டரை மீட்டராக மாற்றாமல் 30 என்றே போட்டுவிட்டார். விடை 0.00006 நியூட்டன் என்று வருகிறது, உண்மையான விசையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சூத்திரத்துக்கு 1 கிடைக்கும், மற்ற இரண்டும் போய்விடும். மூன்றாவது மாணவர் ஓரத்தில் கிறுக்கிக் கணக்கிட்டு, விடையை மட்டும் ஒரே வரியில் சரியாக எழுதிவிட்டார். படிகள் இல்லாத விடைக்கு 1 மட்டுமே என்று ஆசிரியர் முன்கூட்டியே குறிப்பில் எழுதியிருந்தால் அவருக்கும் 1தான். மூவருக்கும் கூலூம் விதி தெரியும். எங்கே மதிப்பெண் விழும் என்பது தெரிந்திருந்தால் மூன்றாமவர் அந்தப் பிரதியீட்டு வரியை ஓரத்தில் எழுதியிருக்க மாட்டார்.

டெரிவேஷனுக்கும் இதே போலப் பிரித்துச் சொல்லலாம். முடிவிலா நீளமுள்ள மின்னூட்டம் பெற்ற கம்பியால் உருவாகும் மின்புலத்தைக் காஸ் விதியால் காண்பது ஐந்து மதிப்பெண் வினா. படத்துக்கு 1, காஸ் பரப்பைத் தேர்ந்தெடுத்துப் பாயத்தைக் கணக்கிடும் படிகளுக்கு 3, இறுதிச் சமன்பாட்டுக்கு 1 என்று குறிப்பில் இருந்தால், இறுதிச் சமன்பாட்டை மனப்பாடம் செய்தால் போதும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். வரைபடம் கேட்டால் இரண்டு அச்சுகளிலும் என்ன அளவு என்று எழுத வேண்டும் என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிடலாம்.

ஒரு மதிப்பெண் பகுதியில் விதி கறாரானது. குறியீடு, விடை இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்று பொதுத்தேர்வு வினாத்தாளிலேயே அச்சிட்டிருக்கும். இரண்டில் ஒன்று தவறினாலும் மதிப்பெண் இல்லை. ஆனால் தவறான விடைக்கு இருப்பதிலிருந்து எதுவும் கழிக்கப்படாது. நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 கிடைக்கும், தவறுக்கு 1 குறையும். அதற்குப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் சந்தேகமான வினாவைத் தொடாமல் விடும் பழக்கத்தைப் பள்ளித் தேர்வுக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். இங்கே வெற்றிடம் விடுவதால் லாபமில்லை.

கட்டாய வினாவில் இழப்பு இன்னும் பெரிது. இரண்டு மதிப்பெண் பகுதியில் 8, 9, 10 என்று மூன்று வினாக்களுக்கு விடை எழுதி, 12-ஐ விட்டுவிட்டால், எழுதிய மூன்றும் சரியானாலும் அந்தப் பகுதியில் 6-க்கு 4தான் கிடைக்கும். ஒரு விடை கணக்கில் வராது.

திருத்திய தாள் கைக்கு வரும்போது இந்தக் குறிப்பையே பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். முதலில் பக்கம் பக்கமாகக் கூட்டல் சரியா என்று பார்க்க வேண்டும். பிறகு இழந்த மதிப்பெண்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும். 35-க்கு 27 வாங்கிய மாணவர் ஒருவரின் தாளில் கட்டாய வினா விட்டதற்கு 2, குறியீடு மட்டும் எழுதி விடையை விட்டதற்கு 1, அலகு இல்லாததற்கு அரை, வரைபட அச்சு எழுதாததற்கு அரை என்றால் அதுவே 4. மற்ற 4 மட்டும்தான் பாடம் புரியாததால் போனது. முதல் நான்கை அடுத்த தேர்வில் தாளைக் கொடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்தே திரும்பப் பெற்றுவிடலாம். அடுத்த நான்குக்கு மின் இருமுனையையும் காஸ் விதியையும் மறுபடி உட்கார்ந்து படிக்க வேண்டும், புரியாத இடத்தை ஆசிரியரிடம் கேட்க வேண்டும். அவர் எந்த நாள், எந்தப் பாடவேளையில் அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார் என்பதும் குறிப்பின் கடைசி வரியாக இருக்கலாம்.