சம்பளச் சீட்டில் இரண்டாவது வரி

வளைகுடாவுக்குப் போகும் வெல்டரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் ஒரே எண்ணைத்தான் சொல்வார். ஆயிரத்து எண்ணூறு திர்ஹம் என்பார். ஊரில் கேட்பவர்கள் அதை இருபத்து மூன்றால் பெருக்கிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அந்த ஆயிரத்து எண்ணூறு எப்படிப் பிரிந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு வருடம் கழித்துப் பெட்டியில் எவ்வளவு மிஞ்சும் என்பதில் பாதி அந்தப் பிரிவில் அடங்கியிருக்கிறது.

ஐக்கிய அரபு அமீரகத்தை எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி அங்கே தனியார் துறை ஒப்பந்தங்கள் எல்லாம் காலவரையறை உள்ளவை. இரண்டு ஆண்டு என்று போடுவதே வழக்கம். சம்பளத்தில் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று பேசிக் எனப்படும் அடிப்படை ஊதியம், மற்றது சாப்பாடு, வீடு, போக்குவரத்து போன்ற படிகள். மாதாமாதம் கைக்கு வருவது இரண்டும் சேர்ந்துதான். ஆனால் ஓ.டி. எனும் கூடுதல் நேர ஊதியத்தையும், வேலை முடிந்து கிளம்பும்போது தரவேண்டிய கிராஜுவிட்டியையும் பேசிக்கை மட்டும் வைத்தே கணக்கிடுகிறார்கள்.

மொத்தம் 1,800 தரும் இரண்டு கம்பெனிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்றில் பேசிக் 1,200, படி 600. மற்றதில் பேசிக் 1,600, படி 200. தினம் இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள் ஓ.டி. என்று வைப்போம். மணிக்கூலியோடு குறைந்தது கால் பங்கு சேர்த்துத் தரவேண்டும் என்பது சட்டம். முதல் கம்பெனியில் மணிக்கூலி 5 திர்ஹம், ஓ.டி. மணிக்கு 6.25, மாதத்துக்கு 325. இரண்டாவதில் ஓ.டி. மணிக்கு 8.33, மாதத்துக்கு 433. கிராஜுவிட்டி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் பேசிக் ஊதியம். இரண்டு ஆண்டு முடித்தால் முதல் கம்பெனியில் 1,680 திர்ஹம், இரண்டாவதில் 2,240. இரண்டையும் சேர்த்தால் இரண்டு வருடத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 3,160 திர்ஹம், எழுபதாயிரம் ரூபாய்க்கும் மேல். ஏஜென்டிடம் பேரம் பேசும்போது மொத்தத்தை நூறு திர்ஹம் ஏற்றப் பாடுபடுகிறவர்கள் இந்த வரியைப் பார்ப்பதே இல்லை. ஓராண்டு நிறைவதற்கு முன் கிளம்பினால் கிராஜுவிட்டி கிடையாது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கவேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா வேலைக்குப் போவதானால் இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அப்போது ஒப்பந்தத்தை ஓர் அதிகாரியாவது பார்ப்பார். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்த வெல்டருக்கு அந்த அனுமதி தேவையில்லை. வசதிதான், ஆனால் அவர் ஒப்பந்தத்தை அவரைத் தவிர வேறு யாரும் படிப்பதில்லை. ஏஜென்ட் உரிமம் பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். உரிமம் உள்ளவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. சேர்ந்து 35,400. அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே மாறிவிடும்.

இனி பணத்துக்கு வருவோம். இரண்டாவது கம்பெனிக்குப் போகும் வெல்டர் கட்டணம், மருத்துவச் சோதனை, டிரேடு டெஸ்ட், வழிச்செலவு, கைச்செலவு எல்லாவற்றுக்குமாக ஒரு லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கியிருக்கிறார் என்று வைப்போம். ஓ.டி.யை நம்பித் திட்டம் போடக்கூடாது. புராஜெக்ட் குறைந்தால் முதலில் நிற்பது அதுதான். 1,800-இல் 400 சொந்தச் செலவு போக, 1,400 திர்ஹம் ஊருக்கு வரும், 23 ரூபாய் வீதம் 32,200. வீட்டுச் செலவு 15,000. மீதி 17,200 கடனுக்குப் போனால் ஏழாவது மாதத்தில் கடன் தீரும். மிச்சமுள்ள மாதங்களில் சேர்வது மூன்று லட்சத்தைச் சற்றே தாண்டும். கிராஜுவிட்டி ஓர் ஐம்பதாயிரம். இருபத்து நான்கு மாதமும் ஓ.டி. கிடைத்து, அதில் ஒரு திர்ஹமும் செலவாகாமல் இருந்தால் இன்னொரு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் வரும்.

ஆக, ஒரு ஒப்பந்தம் என்பது உறுதியாக மூன்றரை லட்சம், நல்ல காலமானால் ஆறு லட்சம். இந்த எண்ணைக் கிளம்புவதற்கு முன்பே மனைவியும் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது. வெளிநாட்டுக்குப் போனவன் வீடு கட்டுவான், தங்கைக்கு நகை போடுவான், தம்பியைப் படிக்க வைப்பான் என்று மூன்று திட்டங்கள் ஒரே மூன்று லட்சத்தின்மேல் ஏறி உட்கார்ந்துவிடுகின்றன. வீட்டுச் செலவு 15,000-இலிருந்து 25,000 ஆனால், திரும்பி வந்தபின் உள்ளூர்க் கூலியில் அந்த 25,000-ஐ யாராலும் தரமுடியாது. ஒப்பந்தம் ஒன்று மூன்றாவதும் பின்பு ஐந்தாவதும் ஆவதற்கு, என் பார்வையில், குறைந்த சேமிப்பைவிட ஏறிப்போன வீட்டுச் செலவுதான் பெரிய காரணம்.

அதனால் இரண்டு கணக்குகள் வைத்துக்கொள்வது பயன் தரும். வீட்டுச் செலவுக்கான பணம் மனைவி கணக்குக்குப் போகட்டும். ஓ.டி. பணமும் கடன் தீர்ந்தபின் மிஞ்சுவதும் தன் பெயரில் உள்ள என்.ஆர்.ஈ. கணக்கில் வைப்புத்தொகையாக இருக்கட்டும். வெளிநாட்டில் வேலையில் இருக்கும்வரை அந்த வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. நிரந்தரமாக ஊர் திரும்பியதும் வங்கியில் சொல்லி அதை உள்நாட்டுக் கணக்காக மாற்றவேண்டும். சொல்லாமல் விட்டால் பின்னால் விளக்கம் கொடுக்க வேண்டிவரும்.

நிலம் வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. வேலைக்காக வெளிநாடு போனவர் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கண்ணில் வெளிநாடு வாழ் இந்தியர். அவர் இங்கே வீடோ மனையோ வாங்கலாம், விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். இது தெரிந்தோ தெரியாமலோ அண்ணன் பெயரிலும் மச்சான் பெயரிலும் வயல் வாங்கிப் போட்டு, திரும்பி வந்தபின் பத்திரத்தோடு பஞ்சாயத்துக்கு நிற்பவர்கள் டெல்டாவிலும் புதுக்கோட்டைப் பக்கமும் நிறைய. வயல்தான் வேண்டும் என்றால் திரும்பி வந்தபின் தன் பெயரில் வாங்குவதே நிம்மதி.

பணத்தைவிட வேகமாகக் கரைவது தொழிலின் அத்தாட்சி. 6ஜி என்றால் குழாயை 45 பாகை சாய்வில் அசையாமல் நிறுத்தி, தான் சுற்றிவந்து ஒட்டும் தேர்வு. அதில் தேறினால் எந்த நிலையிலும் ஒட்டத் தகுதி உண்டு என்று கொள்வார்கள். ஆனால் அந்தத் தகுதிச் சான்று வெல்டருக்குச் சொந்தமான பட்டம் போன்றதல்ல. உலகம் முழுக்கப் பெரும்பாலான எண்ணெய், எரிவாயு வேலைகளில் புழங்கும் ஏ.எஸ்.எம்.இ. விதிநூலின் ஒன்பதாம் பிரிவுப்படி, தன் வெல்டரைச் சோதித்துத் தகுதி கொடுப்பது அந்தந்தக் கம்பெனியின் பொறுப்பு. கம்பெனி மாறினால் மறுபடியும் டெஸ்ட். அதோடு, ஒரு முறையில், உதாரணமாக டிக் வெல்டிங்கில், ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்யாவிட்டால் அந்த முறைக்கான தகுதி காலாவதியாகும். டிக்கில் ரூட் போட்டுத் தேர்வு எழுதிவிட்டு, பின்பு ஒன்றரை வருடம் ஸ்டிக்கில் சப்போர்ட் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தவர் ஊர் திரும்பும்போது கையில் 6ஜி காகிதம் இருக்கும், கை இருக்காது. டெஸ்ட் துண்டை எக்ஸ்ரே எடுத்தால் ரூட்டில் உருகாத விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு அங்கே இருக்கும்போதே செய்யவேண்டியது, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது டிக் வேலை கிடைக்கும்படி ஃபோர்மேனிடம் கேட்டு வாங்குவது. தகுதிச் சான்றின் நகலை அந்தந்த நேரமே வாங்கி வைப்பது. பெரிய வேலைகளில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் அடையாள எண் உண்டு, அவர் போட்ட ஜாயின்ட்டுகளில் எத்தனை எக்ஸ்ரேயில் ரிப்பேர் ஆயின என்ற பதிவும் இருக்கும். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நட்பாகக் கேட்டால் அந்த விகிதத்தைக் கடிதத்தில் குறித்துத் தருவார்கள். கார்பன் ஸ்டீல் மட்டும் ஒட்டினாரா, ஸ்டெய்ன்லெஸ், பி91 போன்றவற்றையும் ஒட்டினாரா என்பதும் அதில் வரவேண்டும். திருச்சியில் பெல் நிறுவனத்தைச் சுற்றி பாய்லர் உதிரிகள் செய்யும் பட்டறைகள் உள்ளன. முன்சூடும் பின்சூடும் கொடுத்துப் பி91 ஒட்டத் தெரிந்தவரை அங்கே மதிப்பார்கள். காகிதம் அவரை டெஸ்ட் மேசை வரை கொண்டுபோகும், அவ்வளவுதான். மற்றதை அவர் கைதான் பேசும்.

திரும்பியதும் ஊரிலேயே பட்டறை போட நினைப்பவர்கள் அதிகம். கேட்டும் கிரில்லும் செய்ய 6ஜி வேண்டாம். அங்கே வேண்டியது இரும்பு விலை பார்த்து மதிப்பீடு போடுவது, அட்வான்ஸ் வாங்குவது, பாக்கி வசூலிப்பது. பத்து வருடம் குழாய் ஒட்டியவருக்கு இது புதுத் தொழில். விடுமுறையில் வரும் மாதத்தில் தெரிந்த பட்டறையில் உட்கார்ந்து இரண்டு வேலைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், சேமிப்பைப் போட்டு மெஷின் வாங்கலாமா என்பது தெரிந்துவிடும்.

வயது நாற்பதை நெருங்குபவருக்கு இன்னொரு வழி பரிசோதகர் ஆவது. இங்கேயும் சான்றின் சொந்தக்காரர் யார் என்று பாருங்கள். எக்ஸ்ரே, அல்ட்ராசோனிக் போன்ற பரிசோதனைகளில் எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ முறையில் தரும் தகுதி கம்பெனி வழியாகவே செல்லும், கம்பெனியை விட்டால் அதன் பலம் போய்விடும். ஐ.எஸ்.ஓ. 9712 முறையில் மூன்றாம் தரப்பு அமைப்பு தருவது ஆளோடு வரும். இரண்டுக்கும் கட்டணமும் கட்டி, உட்கார்ந்து படிக்கவும் வேண்டும், ஆகவே எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டுவது நல்லது.

ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது கிளம்பும் வேலையைத் தொடங்கவேண்டும். அனுபவச் சான்று இலவசமாகத் தரவேண்டியது சட்டம். சேர்ந்த தேதி, விலகிய தேதி, வேலையின் பெயர், கடைசிச் சம்பளம் அதில் இருக்கவேண்டும். வேலையின் பெயர் 'லேபர்' என்றிருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள், வெல்டர் என்று இல்லாத சான்று ஊரில் பயன்படாது. ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் எல்லாப் பாக்கியும் தீர்க்கப்படவேண்டும். விசா ரத்துப் படிவத்தில் 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி இருப்பது வழக்கம், விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்துக்கொண்டே கையெழுத்து கேட்பதும் வழக்கம். மேலே போட்ட கணக்கின்படி 2,240 திர்ஹம், போகாத விடுப்புக்கான சம்பளம், கடைசி மாத ஓ.டி. ஆகியவை வங்கியில் ஏறியபின் கையெழுத்துப் போடவேண்டும். ஏறவில்லை என்றால், அங்கே இருக்கும்போதே மனிதவள அமைச்சகத்தில் புகார் கொடுப்பது எளிது. திருச்சி விமான நிலையத்தில் இறங்கியபின் தொலைபேசியில் துரத்துவது மிகவும் கடினம்.