வெயில் மறைக்கும் கசிவு

வாழைத் தோட்டத்தின் நடுவே மண்ணின் ஈரத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றை நட்டுவைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மின் இணைப்பு கிடையாது, வைஃபையும் எட்டாது. மாதக்கணக்கில் யாரும் தொடாமலேயே அது இயங்க வேண்டும்.

சேதி அனுப்ப லோரா என்னும் வானொலி முறை உதவுகிறது. இது வேகத்தை விட்டுக்கொடுத்துத் தூரத்தைப் பெறுகிறது. ஒரு சேதியில் ஈர அளவு, பேட்டரி வோல்ட் போன்ற சில எண்களே போகும். திறந்த வெளியில் அது சில கிலோமீட்டர் எட்டும். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை இதற்கு உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம்.

கருவி 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அளந்து, அனுப்பிவிட்டு மீண்டும் ஆழ்ந்து தூங்குகிறது. விழிப்பு 3 விநாடி, அப்போது சராசரி 60 மில்லிஆம்பியர் என்றால், நாளின் 96 விழிப்புகளுக்கும் சேர்த்துச் செலவு ஏறத்தாழ 5 மில்லிஆம்பியர்-மணிதான். தூக்கத்தில் 20 மைக்ரோஆம்பியர் மட்டும் இழுத்தால் நாள் முழுக்க அரை மில்லிஆம்பியர்-மணி. கணக்குப்படி, 2500 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி வெயிலே இல்லாமல் ஓராண்டுக்கு மேல் தாங்கும்.

இப்போது தூக்கத்தில் 5 மில்லிஆம்பியர் கசிகிறது என்று கொள்வோம். நாள் செலவு 125 ஆகிவிடும். அதே பேட்டரி 20 நாளில் தீரும். கடையில் வாங்கும் சோதனைப் பலகைகளில் எப்போதும் எரியும் சிறு விளக்கு, யுஎஸ்பி சிப், வோல்டேஜ் ரெகுலேட்டர் ஆகியவை சேர்ந்தே இவ்வளவு இழுத்துவிடலாம். ஈர சென்சாருக்கு மின்சாரத்தை நிறுத்தாமல் விட்டாலும், லோரா சிப்பைத் தூங்கவைக்காமல் மைக்ரோகன்ட்ரோலரை மட்டும் தூங்கவைத்தாலும் கசிவு ஏறும்.

சோலார் தகடு இந்தக் குறையை மூடி மறைத்துவிடும் என்பதுதான் சிக்கல். நல்ல வெயிலில் 50 மில்லிஆம்பியர் தரும் தகடு, ஒழுங்கான கருவியின் ஒரு நாள் செலவைப் பத்து நிமிடத்துக்குள் ஈடுகட்டும். கசியும் கருவிக்கு இரண்டரை மணி நேர வெயில் தேவை. கோடையில் அதுவும் கிடைத்துவிடுவதால் இரண்டும் ஒன்றுபோலவே ஓடும். வடகிழக்குப் பருவமழையில் வானம் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும்போதுதான் ஒன்று நின்றுபோகும். அப்போது சேற்றில் இறங்கிப் போய்ப் பார்க்கவும் முடியாது.

தூக்க மின்னோட்டத்தை மல்டிமீட்டரின் மைக்ரோஆம்பியர் அளவையில் பார்க்கலாம். ஆனால் கருவி விழிக்கும் கணத்தில் மீட்டருக்குள்ளேயே வோல்ட் இறங்கி, கருவி திரும்பத் திரும்ப ரீசெட் ஆகலாம். அதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. பேட்டரியை 4.2 வோல்ட்டுக்கு முழுதாக ஏற்றி, தகட்டைக் கறுப்புத் துணியால் மூடி, ஒரு வாரம் வீட்டிலேயே ஓடவிட வேண்டும். ஒழுங்கான கருவி அனுப்பும் வோல்ட் எண் பெரிதாக அசையாது. கசியும் கருவியின் எண் நாளுக்கு நாள் இறங்கி 3.9 பக்கம் வந்து நிற்கும். அந்தச் சோதனையில் தேறிய கருவியை மட்டுமே வயலில் நட வேண்டும்.