அனுமதி இல்லாமல் எல்லை தாண்டலாமா? சிரியா எழுப்பிய சட்டக் கேள்வி

ஒரு நாட்டின் மண்ணில் இருந்துகொண்டு ஓர் ஆயுதக்குழு அண்டை நாட்டைத் தாக்குகிறது. அந்த மண்ணுக்குரிய அரசு தாக்கவில்லை, தாக்கச் சொல்லவும் இல்லை. அப்படியிருக்க, அந்த அரசின் அனுமதியின்றி உள்ளே நுழைந்து குண்டு வீசலாமா? 2014ல் சிரியாவில் பெரிதாக வெடித்த இந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒருமித்த பதில் இல்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1945ல் உருவான ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவு, ஒரு நாடு மற்றொரு நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்துவதையும், பயன்படுத்துவதாக மிரட்டுவதையும் தடை செய்கிறது. இதற்குச் சாசனம் தரும் விதிவிலக்குகள் இரண்டு. ஒன்று, பாதுகாப்புக் கவுன்சிலின் அனுமதி. மற்றொன்று, 51வது பிரிவு தரும் தற்காப்புரிமை. ஆயுதத் தாக்குதலுக்கு உள்ளான நாடு தனியாகவோ, பிற நாடுகளின் துணையோடோ தற்காத்துக் கொள்ளலாம். ஆனால் எடுத்த நடவடிக்கையை உடனே கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இனி நிகழ்வுக்கு வருவோம். 2014 ஜூனில் ஐஎஸ் அமைப்பு இராக்கின் மொசூல் நகரைக் கைப்பற்றியது. இராக் அரசு அமெரிக்காவின் உதவியைக் கேட்டது. வீட்டுக்காரரே அழைத்ததால் இராக்கிற்குள் நடந்த தாக்குதலில் சட்டச் சிக்கல் எழவில்லை. ஆனால் ஐஎஸ்ஸின் புகலிடம் சிரியாவில் இருந்தது. சிரியா யாரையும் அழைக்கவில்லை.

செப்டம்பர் 23 அன்று சிரியாவில் அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. சிரியாவுக்கு முன்கூட்டியே தகவல் சொன்னோம், அனுமதி கேட்கவில்லை என்றது அமெரிக்கா. அன்றே அதன் ஐ.நா. தூதர் சமந்தா பவர் பொதுச்செயலாளருக்குக் கடிதம் எழுதினார். தன் மண்ணிலிருந்து நடக்கும் தாக்குதலைத் தடுக்க ஓர் அரசுக்கு இயலாமலோ விருப்பமில்லாமலோ போனால், பாதிக்கப்பட்ட நாடு தற்காத்துக் கொள்ளலாம் என்பதே அதன் சாரம்.

'இயலாத அல்லது விரும்பாத' என்ற சொற்கள் 51வது பிரிவில் இல்லை. விவாதம் தொடங்கும் இடம் இதுதான்.

இக்கொள்கையை ஆதரிப்போர், தாக்குபவர் ஓர் அரசாகத்தான் இருக்க வேண்டும் என்று 51வது பிரிவு சொல்லவில்லையே என்கிறார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள் பாதுகாப்புக் கவுன்சில் நிறைவேற்றிய தீர்மானமும் தற்காப்புரிமையைக் குறிப்பிட்டது.

எதிர்ப்போர் சர்வதேச நீதிமன்றத்தைச் சுட்டுகிறார்கள். கிழக்குக் காங்கோவிலிருந்து கிளர்ச்சியாளர்கள் தன்னைத் தாக்குவதாகச் சொல்லி உகாண்டா அங்கே படை நடத்தியது. 2005ல் தீர்ப்பளித்த நீதிமன்றம், அத்தாக்குதல்களுக்குக் காங்கோ அரசைப் பொறுப்பாக்க முடியாது என்று கூறி, உகாண்டாவின் தற்காப்பு வாதத்தை நிராகரித்தது. எல்லையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த நகரங்களையும் விமான நிலையங்களையும் பிடித்தது, எல்லை தாண்டிய தாக்குதல்களுக்கு ஏற்ற அளவான பதிலடியாகத் தெரியவில்லை என்றும் சொன்னது. ஆனால், ஆயுதக்குழுக்கள் பெருமளவில் தாக்கினால் தற்காப்புரிமை உண்டா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. அந்தக் கதவு இன்னும் பாதி திறந்தே கிடக்கிறது.

ஐஎஸ்ஸுக்கு எதிரான நடவடிக்கையில் பங்கேற்ற நாடுகளிடையே கூட ஒத்த கருத்து இல்லை. 2015 டிசம்பரில் ஜெர்மனி எழுதிய கடிதம், சிரிய அரசின் கட்டுப்பாட்டை இழந்த பகுதியில்தான் ஐஎஸ் இயங்குகிறது என்ற குறுகலான காரணத்தைச் சொன்னது. கட்டுப்பாடு இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து சரிபார்க்க முடியும். விருப்பம் இருக்கிறதா என்பதை யார் அளப்பது? இந்நாடுகளைத் தாங்கள் அழைக்கவில்லை, தங்கள் இராணுவமே பல ஆண்டுகளாகப் போராடி வருகிறது என்பது அன்றைய சிரிய அரசின் வாதமாக இருந்தது.

இக்கொள்கையின் பலவீனம் இங்கேதான். ஓர் அரசுக்கு விருப்பமில்லை என்று தீர்ப்புச் சொல்பவரும், குண்டு வீசுபவரும் ஒருவரே. 2019 அக்டோபரில் துருக்கி அதே 51வது பிரிவைச் சொல்லி வடகிழக்குச் சிரியாவில் நுழைந்தது. அது குறிவைத்த குர்திஷ் படையினர், ஐஎஸ்ஸுக்கு எதிராக அமெரிக்காவோடு தோள் சேர்ந்து போரிட்டவர்கள். ஒருவருக்குக் கூட்டாளி, மற்றவருக்குப் பயங்கரவாதி. அரபு லீக் அதைப் படையெடுப்பு என்று கண்டித்தது.

எனவே 'தற்காப்புக்காகத் தாக்கினோம்' என்ற செய்தியைப் படிக்கும்போது சிலவற்றைத் தேடிப் பாருங்கள். அந்த நாட்டு அரசு அழைத்ததா? பாதுகாப்புக் கவுன்சிலுக்குக் கடிதம் போனதா? நடந்து முடிந்த எந்தத் தாக்குதலை அக்கடிதம் காட்டுகிறது? குண்டு விழுந்தது அந்தக் குழுவின் மீதா, அல்லது அந்நாட்டு இராணுவம், நகரங்கள் மீதுமா? தற்காப்புரிமை இருந்தாலும், தேவைக்கு மேற்பட்ட பலத்தைச் சட்டம் அனுமதிப்பதில்லை. கடிதம் எழுதிவிட்டதாலேயே ஒரு தாக்குதல் சட்டப்படியானதாகிவிடாது. எழுதியிருந்தால், எந்தச் சொல்லை வைத்து அந்நாட்டைக் கேள்வி கேட்கலாம் என்பதாவது உலகுக்குத் தெரியும்.