மூன்றாவது வீட்டில் கட்டில் "படார்"! கரையான் மீது வீண் பழி!!
திருகாணி ஓட்டையில் இருந்தது குட்டு

சென்னை:
வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்குக் கட்டில் வாங்குவது லேசான காரியம் அல்ல. மடிப்பாக்கத்தில் இருந்து வில்லிவாக்கத்துக்குக் குடிபோன ஒரு வங்கி ஊழியரின் கதையைக் கேளுங்கள்.

சாமான்களை இறக்கி, கட்டிலைப் பூட்டி, குடும்பத்தோடு படுத்தார். நள்ளிரவில் "படார்" என்று ஒரு சத்தம். தலைமாட்டுப் பக்கம் தரையோடு தரை! நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை.

"கரையான்தான் அரிச்சிருக்கும்" என்றார் மனைவி. அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இவர்கள் முதலில் வைத்திருந்தது "தேக்கு" என்று சொல்லி விற்ற கட்டில். மடிப்பாக்கத்துத் தரைத்தள வீட்டில் அதைக் கரையான் தின்று தீர்த்துவிட்டது.

வந்தார் ஆசாரி

மறுநாள் தச்சு ஆசாரி வந்து பலகையைப் புரட்டினார்.

"கரையானா? மண்ணு எங்கே சார் இருக்கு? உளுப்பா இருந்தா மாவு மாதிரி தூள் கொட்டியிருக்கணும். அதுவும் இல்லே. இது மரமில்லே சார், மரத்தூளை பசை போட்டு அமுக்குன பலகை. ஒருதரம் ஸ்க்ரூ கடிச்ச ஓட்டையிலே மறுபடி அதே பிடிப்பு வராது. நீங்க எத்தனை தடவை கழட்டினீங்க?"

"ரெண்டு தடவை."

"அப்போ சரிதான்!"

ஓட்டையைச் சுற்றி விரலால் தடவினால் பொலபொலவென்று உதிர்ந்தது. பக்கச் சட்டத்தைத் தலைப்பலகையோடு சேர்த்திருந்தது வெறும் திருகாணிதான். ஒவ்வொரு முறை கழற்றிப் பூட்டும்போதும் ஓட்டை கொஞ்சம் பெரிதாகும். மூன்றாவது வீட்டில் கைவிட்டுவிட்டது. காலடிப் பலகையும் வீடு துடைக்கும் தண்ணீரை உறிஞ்சி, ஓரம் உப்பிப் போயிருந்தது.

இந்தத் தினுசுக் கட்டில் எல்லாமே மோசம் என்று சொல்வதற்கில்லை. ஒரே வீட்டில் அசையாமல் கிடந்தால் பல வருஷம் உழைக்கும். வாங்கும்போது மூட்டை மட்டும் பாருங்கள். போல்ட்டு பலகையை ஊடுருவிப் போய் மறுபுறம் நட்டில் முடுக்கினால் தாராளமாகக் கழற்றிப் பூட்டலாம். திருகாணி பலகைக்குள்ளேயே முடிந்துவிட்டால் வேண்டாம். கரையானுக்கு இதுவும் சாப்பாடுதான் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

தேக்கை எப்படித் தின்றது?

சரி, முதல் கட்டிலின் கதி? மாடியில் போட்டிருந்த அதன் மிச்சத்தையும் ஆசாரி பார்த்தார். பழுப்பு நிற வைரக்கட்டை அப்படியே இருந்தது. வெளிறிப் போன வெள்ளைக்கட்டை மட்டும் உள்ளே கூடு. தட்டினால் "டொக் டொக்" என்று ஓட்டைச் சத்தம்.

"தேக்குலே வைரம்தான் சார் கரையானுக்குச் சுலபத்துலே வசப்படாது. வெள்ளைக்கட்டையை அது விடாது. வார்னிஷ் அடிச்சு ரெண்டையும் ஒரே கலரா ஆக்கிடறாங்க" என்றார். ஆகவே, மரக்கட்டில் வாங்கும்போது வார்னிஷ் படாத அடிப்பக்கத்தைக் குனிந்து பார்க்க வேண்டும்.

அந்தக் கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்ததாம். கரையான் மண்ணில் இருந்து வருவது. சுவரும் தரையும் சேரும் விரிசல் வழியாகப் பென்சில் கனத்தில் மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறும். கட்டிலைச் சுவரில் இருந்து 4 அங்குலம் தள்ளிப் போட்டால் குழாய் கண்ணில் பட்டுவிடும்.

பட்டால் முழுவதையும் துடைத்துவிடாதீர்கள். நடுவில் கொஞ்சம் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி கட்டியிருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது! அப்போது கட்டிலுக்கு மருந்து அடித்துப் பிரயோஜனம் இல்லை. தரையோரம் துளை போட்டு மண்ணுக்கு மருந்து விட வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும் என்பது வேறு கதை.

இரும்புக்கு மாறினார்

கடைசியில் நம்மவர் வாங்கியது இரும்புக் கட்டில். 16 கேஜ் சதுரக் குழாய், நான்கு முனையிலும் போல்ட்டு. கேஜ் எண் குறையக் குறையத் தகடு கனம் என்பதைக் கடைக்காரர்கள் வலியச் சொல்வதில்லை. 18 கேஜ் அதைவிட மெலிசு. 5 அடி அகலக் கட்டிலுக்கு நடுவில் ஒரு கால் இல்லாவிட்டால் நாளடைவில் தொய்யும்.

இரும்பைக் கரையான் தின்னாது. ஆனால் இரும்புக் காலின் மேலேயே மண்குழாய் கட்டி ஏறி, மேலே கிடக்கும் பிளைவுட்டைத் தின்னும்! எனவே 4 அங்குலம் இதற்கும்தான். காலின் அடியில் ரப்பர் மூடி கழன்றால் துடைக்கும் தண்ணீர் குழாய்க்குள் போய், துரு உள்ளிருந்தே அரிக்கும். திருவான்மியூர், பட்டினப்பாக்கம் போன்ற கடலோர வாசிகள் பெயிண்ட் உரிந்த இடத்தை உடனே பூச வேண்டும்.

"கிரீச் கிரீச்" சத்தம் வருகிறது என்று ஒரு வாரத்திலேயே அந்த அம்மாள் புகார் சொன்னார். ஆசாரி வந்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு வாஷர் போட்டு முடுக்கினார். சத்தம் நின்றது. மிச்ச வாஷர்களையும் ஸ்பேனரையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டில் சட்டத்திலேயே கட்டிவிட்டார்.

"அடுத்த வீட்டுக்குப் போறப்போ தேடாதீங்க சார்!"