கூலி 50 ரூபாய் ஏறினால் களை பறிக்க எத்தனை பேருக்கு வேலை போகும்? அம்பை வயலில் ஒரு கணக்கு

பிசானப் பருவம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஓர் ஏக்கர் வயல். அம்பை 16 நட்டு மூன்று வாரம் ஆகிறது. கோரையும் காட்டுக் குதிரைவாலியும் பயிரோடு போட்டி போட்டு வளர்கின்றன. களை பறிக்கும் குழுவின் தலைவியான அக்கா, வயல்காரரிடம் சொல்கிறார்: "அண்ணாச்சி, 350 கட்டுப்படியாகல. இனிமே 400-ன்னா வாரோம்."

அண்ணாச்சி என்ன செய்வார்? எல்லோரையும் வேண்டாம் என்பாரா, பாதிப் பேரைக் குறைப்பாரா, முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுவாரா? பொருளாதாரப் பாடத்தில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெயர் கொஞ்சம் பயமுறுத்தும்: இறுதிநிலை வருவாய் உற்பத்தி. ஆங்கிலச் சுருக்கத்தில் எம்.ஆர்.பி. பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் எம்.ஆர்.பி. இல்லை, இது வேறு.

விஷயம் இவ்வளவுதான். கூடுதலாக ஒரு ஆளைப் போட்டால் எத்தனை கிலோ நெல் கூடுதலாகக் கிடைக்கும்? அந்த நெல் என்ன விலைக்குப் போகும்? இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் அந்த ஆளின் எம்.ஆர்.பி. அது கூலியைவிட அதிகமாகவோ சமமாகவோ இருக்கும்வரை ஆள் போடலாம். அதற்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும்.

15-வது ஆள் யார்?

நட்ட வயலில் களையை அப்படியே விட்டால் மகசூலில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடலாம். அதனால் முதலில் இறங்கும் பெண்கள் காப்பாற்றும் நெல் மிக அதிகம். அடர்ந்த களை போன பிறகு, அங்கங்கே ஒளிந்திருப்பதைத் தேடிப் பிடுங்க வேண்டும். ஆள் கூடக் கூட, ஒவ்வொருவராலும் கூடுதலாகக் கிடைக்கும் நெல் குறைந்துகொண்டே வரும்.

கணக்குக்காக சில எண்களை வைத்துக்கொள்வோம். (இவை உதாரணம்தான். வயலுக்கு வயல் மாறும்.) முதல் 10 பேர் சேர்ந்து 451 கிலோ நெல்லைக் காப்பாற்றுகிறார்கள். அதன்பிறகு இப்படிப் போகிறது:

| எத்தனையாவது ஆள் | கூடுதல் நெல் (கிலோ) | மதிப்பு (ரூ.) |
|---|---|---|
| 11 | 24 | 600 |
| 12 | 20 | 500 |
| 13 | 18 | 450 |
| 14 | 16 | 400 |
| 15 | 14 | 350 |
| 16 | 12 | 300 |

மதிப்புக்கு கிலோ 25 ரூபாய் என்று போட்டிருக்கிறேன். இது மட்டும் கற்பனை இல்லை. 2025-26 பருவத்துக்கு தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய்.

கூலி 350 என்றால் அண்ணாச்சி 15 பேரோடு நிறுத்துவார். 16-வது ஆளுக்கு 350 கொடுத்து 300 ரூபாய் நெல்லை எடுப்பதில் அர்த்தமில்லை.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 15-வது ஆள் என்றால் வேலையில் மந்தமானவர் என்று அர்த்தம் இல்லை. 15 பேரும் ஒரே வேகத்தில் பறிப்பவர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் யார் வேண்டுமானாலும் கடைசி ஆளாக இருக்கலாம். குறைவது அவருடைய திறமை இல்லை, வயலில் மிச்சமிருக்கும் களை. வயல் ஓர் ஏக்கர்தான். அதை இழுத்து நீட்ட முடியாது.

அதனால்தான் 15 பேர் சேர்ந்து காப்பாற்றிய 543 கிலோ நெல்லின் மதிப்பு 13,575 ரூபாயாக இருந்தும், கூலியாகப் போவது 5,250 மட்டும். எல்லோருக்கும் கடைசி ஆளின் மதிப்பே கூலி. மீதி 8,325 ரூபாய் அண்ணாச்சிக்கு உரம், உழவு, அறுப்பு, குத்தகைச் செலவுகளுக்கு உதவும். இது நியாயமா என்பது வேறு விவாதம். எம்.ஆர்.பி. கணக்கு அதைச் சொல்லாது. எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பதை மட்டும் சொல்லும்.

400 கேட்டால்?

அண்ணாச்சி பேரம் பேசிப் பார்க்கலாம். ஆனால் பக்கத்து வயலில் 400 கொடுக்கிறார்கள் என்றால் இவர் 370-க்கு ஆள் பிடிக்க முடியாது. 100 நாள் வேலையிலேயே 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நாள் கூலி 336 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதற்குக் கீழே சேற்றில் குனிய யார் வருவார்கள்? கூலியை இவர் தீர்மானிப்பதில்லை, நெல் விலையையும் இவர் தீர்மானிப்பதில்லை. இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொண்டு, ஆள் எண்ணிக்கையை மட்டும் முடிவு செய்பவரைத்தான் பாடப்புத்தகம் நிறைவுப் போட்டி நிறுவனம் என்கிறது. பெயரைக் கேட்டால் பெரிய கம்பெனி மாதிரி இருக்கும். நிஜத்தில் அதற்கு ரொம்பவே பொருந்துபவர் நம்ம நெல் விவசாயி.

இப்போது பட்டியலைப் பாருங்கள். 400-க்கு 14-வது ஆள் வரை கட்டும், 15-வது ஆள் கட்டாது. ஆக ஒரே ஒருவர் குறைகிறார். மொத்தக் கூலி 5,250-லிருந்து 5,600 ஆக ஏறுகிறது. வேலையில் இருக்கும் 14 பேருக்கு லாபம், ஒருவருக்கு நஷ்டம்.

பிடிவாதமாக 15 பேரையும் வைத்துக்கொண்டால் அண்ணாச்சிக்கு எவ்வளவு போகும்? வெறும் 50 ரூபாய். அதனால் கூலி ஏறிய முதல் வாரத்திலேயே ஆள் குறைப்பு கண்ணுக்குத் தெரியாது. 'பழகின ஆளு, பாவம்' என்று விட்டுவிடுவார். கூலி இன்னும் 50, 100 ஏறும்போதுதான் அந்த இடைவெளி கையைக் கடிக்கும்.

அதே கூலி, ஆனால் நெல் விலை விழுந்தால்?

கூலி 350-லேயே இருக்கிறது, ஆனால் பக்கத்தில் கொள்முதல் நிலையம் திறக்கவில்லை. அல்லது நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டி, காய வைக்கக் களமும் வெயிலும் இல்லை. தனியார் வியாபாரி கிலோ 20 ரூபாய்க்குக் கேட்கிறார் என்று வைப்போம்.

15-வது ஆளின் 14 கிலோ இப்போது 280 ரூபாய்தான். 14-வது ஆளுக்கு 320. 13-வது ஆளுக்கு 360, இவர் வரைதான் கட்டும். கூலி ஒரு பைசா ஏறவில்லை, ஆனாலும் இரண்டு பேருக்கு வேலை இல்லை. கூலி மாறினால் அண்ணாச்சி அதே பட்டியலில் மேலே கீழே நகர்கிறார். விலை மாறினால் பட்டியலே மாறிவிடுகிறது. தொழிலாளிக்கான தேவை நெல்லுக்கான தேவையிலிருந்து பிறக்கிறது என்று சொல்வது இதைத்தான்.

விலை ஏறினாலும் இதேதான். 2024-25-ல் சாதாரண ரகத்துக்குக் கிடைத்தது குவிண்டால் 2,405. அந்த விலையில் 15-வது ஆளின் நெல் சுமார் 337 ரூபாய். 350 கூலிக்கு அவர் வெளியே. 2,500 ஆனதும் உள்ளே வந்துவிட்டார். இன்னொரு சிக்கல், களை பறிக்கும்போது நெல் விலை கையில் இருக்காது. பிசான அறுவடை பிப்ரவரி, மார்ச்சில்தான். அண்ணாச்சி ஆள் போடுவது, வரும் என்று அவர் நம்பும் விலையை வைத்து. கொள்முதல் நிலையம் பற்றி நம்பிக்கை இல்லாத ஊரில், கார்த்திகையிலேயே இரண்டு பேர் குறைந்துவிடுவார்கள்.

மருந்து வந்தால் கதை வேறு

இதுவரை களையைக் கையால் மட்டும் பறிப்பதாக நினைத்தோம். பிரெட்டிலாகுளோர், பிஸ்பைரிபாக் சோடியம் மாதிரி களைக்கொல்லிகள் உரக்கடையில் கிடைக்கின்றன. நம் உதாரணத்தில், மருந்தும் அடிக்கும் கூலியும் சேர்த்து 1,500 ரூபாய், அது காப்பாற்றும் நெல் 360 கிலோ என்று வைப்போம். மருந்துக்குத் தப்பிய களையைப் பறிக்கும் முதல் நான்கு பேர் முறையே 30, 24, 18, 14 கிலோ காப்பாற்றுவார்கள்.

கூலி 350-ல் நான்கு பேரும் கட்டும். மொத்தம் 446 கிலோ, அதாவது 11,150 ரூபாய். மருந்துக்கு 1,500, கூலிக்கு 1,400 போக 8,250 மிச்சம். கையால் பறித்தால் 8,325. அண்ணாச்சி மருந்தைத் தொட மாட்டார்.

கூலி 400 ஆனதும்? கைக்களை என்றால் 14 பேர், மிச்சம் 7,625. மருந்து என்றால் மூன்று பேர் போதும். 432 கிலோ, 10,800 ரூபாயில் செலவு போக 8,100. இப்போது மருந்துதான் லாபம்.

15 பேர் இருந்த வயலில் மூன்று பேர்! பழைய பட்டியல் 'ஒருவருக்குத்தான் வேலை போகும்' என்று சொன்னது. மாற்று வழி ஒன்று பக்கத்திலேயே காத்திருந்தால் 12 பேருக்குப் போய்விடும். கூலி உயர்வு வேலையைக் குறைக்குமா என்ற சண்டையில் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் பிடி கொடுக்காமல் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் இந்த வாரத்தைப் பார்க்கிறார், இன்னொருவர் அடுத்த மூன்று பருவத்தை.

பெல்ட் வண்டி அறுவடை இயந்திரம் வந்தபோது அறுப்பில் இதே தாவல்தான் நடந்தது. களை பறிப்பில் மட்டும் மருந்தால் முழுதாக வெல்ல முடியவில்லை. பிரெட்டிலாகுளோரை நட்ட சில நாட்களுக்குள், வயலில் மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும்போது போட வேண்டும். கால்வாயில் தண்ணீர் தாமதமானால் மருந்து வீண், மறுபடி கைதான். மருந்து அடித்த வயலில் மூன்றாவது வாரம் பச்சைத் திட்டுகளாகக் கோரை தெரிந்தால், அண்ணாச்சி அக்காவுக்கு போன் போடப் போகிறார் என்று அர்த்தம்.

மலை மேல் இந்தக் கணக்கு செல்லுமா?

இதே அம்பைப் பக்கம், மணிமுத்தாறு வழியாக மேலே ஏறினால் மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடம் குத்தகைக்கு எடுத்து, பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் நடத்திய தேயிலைத் தோட்டம். தேயிலை விலை ஏலத்தில் முடிவாகிறது, அதில் நிறுவனம் அண்ணாச்சி மாதிரிதான் இருந்தது. ஆனால் ஆள் விஷயத்தில் இல்லை. தொழிலாளி குடியிருந்தது தோட்டத்து லைன் வீட்டில், மலை மேல் வேறு முதலாளி இருக்கவில்லை. 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலியில் கூலி உயர்வு கேட்டும், கைதான தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் நடந்த பேரணியில் போலீஸ் தடியடிக்குப் பிறகு 17 பேர் தாமிரபரணியில் இறந்தது அந்தத் தோட்டத்து கூலிப் போராட்டத்தில்தான்.

வாங்கும் முதலாளி ஒருவரே என்றால் கூலி எம்.ஆர்.பி.க்குக் கீழேயே நின்றுவிடலாம். இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்றால் கூலியை ஏற்ற வேண்டும், அதை எல்லோருக்கும் ஏற்ற வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து நிறுவனம் குறைவாகவே ஆள் எடுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் கூலியை எம்.ஆர்.பி. வரை கட்டாயமாக உயர்த்தினால் வேலை குறையாமலும் இருக்கலாம், கூடவும் செய்யலாம்.

கல்லிடைக்குறிச்சி அக்காவுக்கு அந்த நிலைமை இல்லை. இந்த வயலில் 350 என்றால் வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்குப் போய்விடுவார். அண்ணாச்சிக்கும் அது தெரியும்.